நாவலில் இருக்கும் பெண்ணை அட்டைக்குக் கொண்டுவருவது: படக்கருவிக்கு ப்ராம்ப்ட் எழுதும் வழி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு நகலகத்தில் வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர் என்று எல்லாவற்றுக்கும் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் பாடு. போன வருடம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் முதல் நாவலைக் கொண்டுவந்தார். ரப்பர் தோட்டத்துக் கதை. பால்மரம் வெட்டும் பாக்கியம் என்ற பெண்தான் நாயகி. ஓவியருக்குக் கொடுக்கப் பணம் இல்லை, எழுத்தை வைத்துப் படம் வரைந்து தரும் கருவியில் அட்டைப்படம் செய்து கொடு என்றார்.

என்ன வரைய வேண்டும் என்று கருவிக்கு எழுதிக் கொடுப்பதைத்தான் ப்ராம்ப்ட் என்கிறார்கள். நாவலில் அவளை வருணிக்கும் பத்தியை ஆங்கிலத்தில் மாற்றி அப்படியே ப்ராம்ப்டாகப் போட்டேன். வந்த படத்தைப் பார்த்த சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "யாரும்மா இது? எந்தப் படத்துல நடிக்குது?"

வெளுத்த முகம், நெற்றியில் பெரிய சிவப்புப் பொட்டு, பட்டுச் சேலை, பின்னால் தேயிலை மலை. தப்பு கருவியுடையது மட்டும் அல்ல என்று அப்புறம்தான் புரிந்தது. நாவலாசிரியர் முந்நூறு பக்கத்தில் தூவி வைத்ததை நான் ஒரு பத்தியில் தேடியிருக்கிறேன். அந்த முந்நூறு பக்கமும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை என்பது அதைவிடப் பெரிய சிக்கல். மூன்று வாரம் அலைந்தேன். நீங்கள் கீழே உள்ள வரிசையில் போனால் ஒரு வாரத்தில் முடிக்கலாம்.

## 1. கையில் இருக்க வேண்டியவை

கடைசியாகத் திருத்திய கையெழுத்துப் பிரதியின் கோப்பு முதலில் வேண்டும். "இது பழைய பிரதி, ஆனா கதை அதேதான்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கதை அதேதான் இருக்கும், தழும்பு வேறு கன்னத்துக்குப் போயிருக்கும்.

கோப்பு யூனிகோட் எழுத்துருவில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் இருபது வருடத்துக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்து வைத்திருப்பார்கள். திரையில் தமிழாகத் தெரியும், ஆனால் "பாக்கியம்" என்று தேடினால் ஒன்றும் வராது. முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இது தெரியாமல் இரண்டு நாள் கண்ணால் தேடினேன்.

அடுத்தது, அச்சகம் கேட்கும் அட்டை அளவு. எங்கள் புத்தகம் ஏ5, அதாவது 148 x 210 மி.மீ. வெட்டும்போது ஓரம் வெள்ளையாகத் தெரியாமல் இருக்க நாலு பக்கமும் 3 மி.மீ. கூட விட வேண்டும். ஆக முன்னட்டைப் படம் 154 x 216 மி.மீ. இதைப் படம் செய்வதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். படத்தின் நீள அகல விகிதம் ப்ராம்ப்டில் போக வேண்டிய விஷயம். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் தலை வெட்டுப்படும்.

செலவு என்று பார்த்தால், நான் பயன்படுத்திய மிட்ஜர்னியில் அடிப்படைத் திட்டம் மாதம் 10 அமெரிக்க டாலர். ஒரு மாதம் போதும், முடிந்ததும் மறக்காமல் ரத்து செய்துவிடுங்கள். அச்சகத்தில் அட்டையின் மாதிரிப் படி எடுக்க எனக்கு ஒரு தடவைக்கு 15 வெள்ளி ஆனது. அதை இரண்டு தடவை எடுத்தேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். நேரக் கணக்கு: வரிகளைத் திரட்ட இரண்டு மாலை, ஆசிரியரோடு உட்கார ஒரு காலை, படங்களுக்கு மூன்று மாலை.

## 2. அவள் வரும் வரிகளை எல்லாம் ஒரே தாளில் எடுங்கள்

பெயரை வைத்துத் தேடி, உடல், முகம், உடை, வயது, நிறம், நகை பற்றி வரும் ஒவ்வொரு வரியையும் வெட்டி ஒரு அட்டவணையில் ஒட்டுங்கள். பெயரை மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். "அவள்" என்று வரும் பத்திகளையும், மற்றவர்கள் அவளைக் கூப்பிடும் விதங்களையும் தேட வேண்டும். பாக்கியத்தை அவள் அம்மா "கறுப்பி" என்றுதான் கூப்பிடுவாள்.

அட்டவணையில் நாலு பத்தி போதும்: பக்க எண், வரி, அதைச் சொல்பவர் யார், கதையில் அது எந்த வருடம். கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். முதல் தடவை பக்கமும் வரியும் மட்டும் எடுத்ததால்தான் எல்லாமே முரணாகத் தெரிந்து தலை சுற்றியது.

எனக்குக் கிடைத்ததில் முக்கியமானவை இவை. பக்கம் 12: கோயில் திருவிழாவில் சேலை, தலை நிறையப் பூ. பக்கம் 31: பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பின் கொக்கி பட்டு இடப்புருவத்தில் தழும்பு. பக்கம் 58: விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, தான் வெட்டும் மர வரிசையான நிரைக்குப் போகிறாள், அண்ணனின் பழைய நீளக்கைச் சட்டை, கைலி, தலையில் கட்டம் போட்ட துணி. பக்கம் 97: "பொண்ணு மாநிறம்". பக்கம் 119: வலப்புருவத்தில் தழும்பு. பக்கம் 163: 1957 மெர்டேக்கா, நாடு சுதந்திரம் பெற்ற இரவில் "முப்பதைத் தொடப்போகிறவள்". இவற்றுக்கு நடுவே "களையான முகம்" ஆறு இடத்தில், "கண்களில் தீராத சோகம்" ஒன்பது இடத்தில்.

## 3. முரண்களைத் தொடும் முன் அட்டைக்கு ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்

இதை நான் கடைசியில் செய்தேன். நீங்கள் இங்கேயே செய்யுங்கள். அட்டைப்படம் முழு நாவலையும் காட்டாது, கதையில் ஒரே ஒரு கணத்தைத்தான் காட்டும். அந்தக் கணம் எந்தப் பக்கம் என்று முடிவு செய்த உடனே பாதி முரண்கள் தானாகக் கழன்றுவிடும்.

சார் பக்கம் 12-ஐக் கேட்டார். சேலை, பூ, தேர், கலர் கலராக இருக்கும் என்றார். எனக்கு அது ஒத்துவரவில்லை. திருவிழாச் சேலையில் ஒரு பெண்ணைப் போட்டால் அது எந்த ஊர்க் கதையாகவும் இருக்கலாம், கடையில் பார்ப்பவருக்கு ரப்பர் தோட்டம் என்று தெரியப்போவதில்லை. கடைசியில் பக்கம் 58-க்கு ஒத்துக்கொண்டார்: 1957, விடிந்தும் விடியாத நேரம், அன்றைய முதல் மரம்.

இப்போது சேலையா கைலியா என்ற கேள்வியே இல்லை. தலையில் பூ இல்லை. அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஆகவே தாலியும் மெட்டியும் இல்லை. கதையின் பிற்பகுதியில் வரும் எதையும் அட்டையில் காட்டிக் கெடுக்கும் ஆபத்தும் இல்லை.

## 4. மிச்சமுள்ள முரண்களை மூன்று கூடையில் போடுங்கள்

முதல் கூடை: சொல்பவர் மாறியதால் வந்த முரண். நிறம்தான் இதற்கு நல்ல உதாரணம். கதை சொல்லும் குரல் அவளை நாலு இடத்தில் "நல்ல கறுப்பு" என்கிறது. அம்மாவும் கறுப்பி என்கிறாள். பக்கம் 97-இல் "மாநிறம்" என்று சொல்வது யார் தெரியுமா? கல்யாணத் தரகர். நம்மில் எந்தத் தரகராவது பெண் கறுப்பு என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அந்த வரி அவருடைய தொழிலைப் பற்றியது, அவளுடைய தோலைப் பற்றியது இல்லை. ஆகவே கதைசொல்லி சொன்னதே கணக்கு. "சொல்பவர் யார்" என்ற பத்தி இல்லாவிட்டால் இரண்டையும் கலந்து நடுவில் ஒரு நிறத்தைப் பிடித்திருப்பேன். நடுவில் எடுப்பது பலருக்கும் வரும் தப்பு. இரண்டு வரியையும் சமாதானப்படுத்தப் பார்த்து, நாவலில் எங்குமே இல்லாத ஒரு மூன்றாவது பெண்ணை உண்டாக்கிவிடுவோம்.

தழும்பும் இதே கூடைதான். பக்கம் 119-ஐ முழுதாகப் படித்தால் அவள் கண்ணாடி பார்க்கிறாள்: "கண்ணாடிக்குள் இருந்தவளின் வலப்புருவத்தில்" என்று எழுதியிருக்கிறார். எதிரே நிற்கும் ஆளாக நினைத்தால் நம் இடப்புருவம் அவளுக்கு வலப்புருவம். முரண் இல்லை, சார் கவனமாகத்தான் எழுதியிருக்கிறார். வரியை மட்டும் வெட்டி எடுத்த நான்தான் அவசரப்பட்டுச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.

இரண்டாவது கூடை: காலம் மாறியதால் வந்த முரண். உடை, முடி, உடம்பு இளைத்தது, பெருத்தது எல்லாம் இதில் வரும். அட்டை நிற்கும் வருடத்துக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

மூன்றாவது கூடை: உண்மையான பிழை. வயது இதில் விழுந்தது. அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போகும்போது பாக்கியத்துக்கு ஏழு வயது, வருடம் 1943 என்று நாவலே சொல்கிறது. அப்படியென்றால் 1957-இல் அவளுக்கு 21. பக்கம் 163 அவளை முப்பதுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறது. எந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்தாலும் இதைச் சரிக்கட்ட முடியாது.

இந்த மாதிரிப் பிழையை நீங்களே தீர்க்காதீர்கள், ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். எப்படிக் கேட்பது என்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். "சார், வயசு தப்பா இருக்கு" என்று நான் ஆரம்பித்ததும் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, "அட்டையில எந்த வயசு சார் போடறது?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். முதல் எழுத்தில் கதை வேறு வருடத்தில் தொடங்கியதாம், மாற்றும்போது இந்த இடம் தப்பிவிட்டது. பக்கம் 163-ஐ "முப்பது வயதுக்காரி போலத் தளர்ந்திருந்தாள்" என்று திருத்தினார். புத்தகம் அச்சுக்குப் போகும் முன் அட்டை வேலையைத் தொடங்குங்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம். அச்சானபின் கண்டுபிடித்திருந்தால் அட்டையில் ஒரு வயதும் உள்ளே ஒரு வயதுமாக இருந்திருக்கும்.

ஆசிரியர் முடிவு சொன்னதும் அதே அட்டவணையில் எழுதி, அவரைத் தேதியோடு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சொந்தக்காரராக இருந்தாலும் சரி. படம் தயாரானபின் "நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

## 5. மங்கலான சொற்களைக் கண்ணுக்குத் தெரிவதாக மாற்றுங்கள்

"களையான முகம்" என்றால் என்ன? நமக்குப் புரிகிறது. ஆனால் அதை வரையச் சொன்னால் ஆளுக்கொரு முகம் வரைவோம். நான் அதை `beautiful face` என்று போட்டதால்தான் சினிமாக்காரி வந்தாள். அந்தச் சொல்லைப் பார்த்தால் கருவி தனக்குத் தெரிந்த விளம்பர முகத்தைக் கொண்டுவரும்: மெல்லிய மூக்கு, வெளுத்த தோல், பளபளக்கும் உதடு. `attractive`, `stunning` எல்லாம் அதே கதைதான்.

இப்படிப்பட்ட சொல்லுக்கு விடை நாவலில் இருக்காது, ஆசிரியரின் தலைக்குள் இருக்கும். "களையா இருப்பாள்னா, முகத்துல எந்த இடம் சார் உங்க கண்ணுல முதல்ல படுது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "தாடை. கொஞ்சம் சதுரமா இருக்கும். பிடிவாதக்காரி இல்ல?" என்றார். முந்நூறு பக்கத்தில் தாடை என்ற சொல்லே கிடையாது. ஆனால் ப்ராம்ப்டுக்குப் போனது அதுதான்.

"கண்களில் தீராத சோகம்" இன்னும் மோசமான பொறி. `sad eyes` என்று எழுதினால் கன்னத்தில் கண்ணீர் வழியும், சில சமயம் மழையும் பெய்யும். உணர்ச்சிக்குப் பேர் சொல்லாமல், அந்த உணர்ச்சியில் அவள் என்ன செய்கிறாள் என்று நாவலில் தேடுங்கள். பக்கம் 58-லேயே இருந்தது. வெட்டி முடித்ததும் இடக்கையை மரப்பட்டையில் ஒரு கணம் பதித்து நிற்கிறாள், மரத்துக்கு வலித்திருக்குமோ என்று நினைக்கிறாள். கை எங்கே, பார்வை எங்கே என்று மட்டும் எழுதினேன். சோகம் தானாக வந்தது.

வயதுக்கும் இதே முறை. `21` என்று மட்டும் போட்டால் கல்லூரிப் பெண் வருவாள். "வயதுக்கு மீறிய தளர்ச்சி" என்பதை `work-worn` என்று சேர்த்த பிறகுதான் தோட்டத்து ஆள் தெரிந்தாள்.

நாவல் எங்கும் சொல்லாத, எந்த வாசகரும் கேட்கப்போகாத விஷயங்களை விட்டுவிடுங்கள். காது எப்படி இருக்கும் என்று சாரைக் கேட்டு அரை மணி நேரம் வீணாக்கினேன். தலைத்துணி காதை மூடிவிட்டது.

மூக்குத்திக்கு மட்டும் ஒரு குறிப்பு. நாவல் "மூக்குத்தி மின்ன" என்கிறது, எந்தப் பக்கம் என்று இல்லை. தன் அம்மா வலப்பக்கம்தான் போட்டிருந்தார் என்றார் சார். தழும்போ இடப்பக்கம். முகத்தை முக்கால் பங்கு திருப்பி வரைந்தால் இரண்டில் ஒன்று சரியாகத் தெரியாது. எது வேண்டும் என்று கேட்டேன், தழும்பு என்றார். மூக்குத்தி போனது. போனதும் நல்லதுதான், கருவி அதை ஒவ்வொரு தடவையும் வடநாட்டுக் கல்யாண வளையமாக்கிக்கொண்டிருந்தது.

## 6. ப்ராம்ப்டைக் கட்டுங்கள்

ஆங்கிலத்தில் எழுதியபோதுதான் எனக்குச் சரியாக வந்தது. தமிழில் போட்டுப் பார்த்ததில் உடை, பொருள் எல்லாம் கலங்கி வந்தன. ஆனால் ஆங்கிலத்திலும் நம் தோட்டத்துச் சொற்களை அகராதி பார்த்து மாற்றினால் மாட்டிக்கொள்வீர்கள். `estate` என்றால் பங்களா வரும். `plantation` என்றால் தேயிலை மலையோ பருத்திக் காடோ வரும். `sarong` என்றால் கடற்கரை உடுப்பு வரும். பால் பிடிக்கும் மங்கு என்பதை `mug` என்று போட்டால் மரத்தில் காப்பிக் கோப்பை தொங்கும், நான் சிரித்தே விட்டேன். `Tamil woman` என்பதற்குப் பக்கத்தில் உடையை விவரமாக எழுதாவிட்டால் மணப்பெண் வந்து நிற்பாள். பொருளின் பேரைச் சொல்லாமல் அது எப்படித் தெரியும் என்று எழுதுவதே பத்திரமான வழி.

வெட்டைப் பற்றிக் கண்டிப்பாக எழுத வேண்டும். மரத்தைப் பார்த்து நின்றால் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரியும். பட்டைக்குள் பால் குழாய்கள் வலப்பக்கமாகச் சாய்ந்து மேலேறுகின்றன, இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வரும். இதை எழுதாவிட்டால் கருவி தன் இஷ்டத்துக்குக் கோடரி போட்ட மாதிரி வரையும். நம் ஊரில் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கப்போகிற கிழவிகள் முகத்துக்கு முன் வெட்டைத்தான் பார்ப்பார்கள்.

எதை முதலில் எழுதுகிறோமோ அதற்குக் கருவி கூடுதல் கவனம் கொடுக்கும். ஆகவே ஓவிய வகை, ஆள், முகம், உடை, செயல், பின்னணி என்று போங்கள். நீளமாக எழுதினால் கடைசியில் உள்ளவை காணாமல் போகும். எங்கள் கடைசி ப்ராம்ப்ட் இது:

```
Gouache book cover painting, waist-up.
Dark-brown-skinned Tamil woman, 21, lean, work-worn,
square jaw, thin scar through left eyebrow, left side of
her face toward viewer. Man's old long-sleeved shirt,
faded checked cloth tied low over forehead.
Left palm flat on a grey rubber tree trunk, eyes on the
bark. One thin slanting cut, high left to low right,
white latex dripping into a small bowl wired to the trunk.
Grey dawn, straight rows of rubber trees, plain mist
in upper third. --ar 5:7 --no jewelry, bindi, text
```

இதில் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். தலைத்துணியை நெற்றி வரை இறக்கியதால் பொட்டுப் பிரச்சினை தீர்ந்தது. வேண்டாதவற்றை வாக்கியத்துக்குள் `no bindi` என்று எழுதக் கூடாது, அந்தச் சொல்லைப் பார்த்ததும் கருவி பொட்டு வைத்துவிடும். மிட்ஜர்னியில் அதற்கென்று `--no` இருக்கிறது, வேறு சில கருவிகளில் தனிப் பெட்டி இருக்கும். மேல் மூன்றில் ஒரு பங்கில் வெறும் பனி கேட்டது தலைப்புக்கு இடம் விட. தலைப்பைக் கருவியிடம் எழுதச் சொல்லாதீர்கள். தமிழ் மாதிரி ஏதோ கிறுக்கும். எழுத்தை நீங்களே பக்க வடிவமைப்பு மென்பொருளில் போடுங்கள்.

## 7. வந்த படங்களைத் தாளை வைத்துச் சரிபாருங்கள்

அழகாக இருக்கிறது என்று எதையும் எடுத்துவிடாதீர்கள். கையெழுத்தான அட்டவணையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக டிக் போடுங்கள். நாற்பது படங்களில் எனக்கு ஆறுதான் தேறின. இட வலம்தான் அதிகம் தப்பியது. `left eyebrow` என்றால் அவளுடைய இடப்பக்கமா பார்ப்பவரின் இடப்பக்கமா என்பதில் கருவிக்கு எப்போதும் குழப்பம்.

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. தழும்பு வலப்பக்கம் வந்துவிட்டது, படத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பிவிட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றும். நான் திருப்பினேன். தழும்பு சரியானது, ஆனால் மரத்தின் வெட்டும் திரும்பிக்கொண்டது. கடைக்கு நகல் எடுக்க வந்த ஓர் அம்மா, நாற்பது வருடம் மரம் வெட்டியவர், திரையைப் பார்த்துவிட்டு "யாரு ஆயி இது, ஒரக்கையா வெட்டியிருக்கு?" என்றார். திருப்பாதீர்கள். அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் திரும்ப வரையச் சொல்லும் வசதியைப் பயன்படுத்தித் தழும்பை மாற்றுங்கள்.

அப்புறம் நிறம். பிடித்த படத்தை எடுத்து அதன் வேறு வடிவங்களைக் கேட்கக் கேட்க, தோல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளுக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் தெரியாது. முதல் படத்தையும் ஐந்தாவதையும் அருகருகே வையுங்கள், தெரியும். அதனால் இரண்டு சுற்றுக்கு மேல் போகாமல், மூல ப்ராம்ப்டுக்கே திரும்பி வந்து புதிதாகத் தொடங்கினேன்.

கழுத்து, நெற்றி, கை மூன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்தில் மஞ்சள் கயிறு மாதிரி ஒரு கோடு இருந்தாலும் நம் ஆட்கள் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று படிப்பார்கள். விரல்களையும் எண்ணிவிடுங்கள்.

## 8. ஆசிரியர் ஒப்புதல், அச்சு

ஆசிரியரிடம் ஆறு படத்தையும் நீட்டாதீர்கள். இரண்டு போதும். ஆறும் காட்டினால் "இதுல உள்ள முகம், அதுல உள்ள கை" என்று தொடங்கிவிடும். கைப்பேசியில் அனுப்பாமல் ஏ5 அளவில் தாளில் எடுத்துக் காட்டுங்கள். சார் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவதான்" என்றார். பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

கருவி தரும் படம் அச்சுக்கு அப்படியே போதாது. சில கருவிகள் 1024 x 1536 புள்ளி அளவில் தரும். 154 மி.மீ. அகலத்துக்கு அது அங்குலத்துக்கு 169 புள்ளிதான் வரும், அச்சகம் கேட்பது 300. அதாவது சுமார் 1819 x 2551 புள்ளி வேண்டும். பெரிதாக்கும் வசதியால் இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள். பெரிதாக்கும்போதும் கருவி சும்மா இருக்காது, மரப்பட்டையில் புதிதாகக் கீறல் போடும். வெட்டு ஒன்றாகவே இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

மாதிரிப் படி இரண்டு தடவை எடுத்தேன் என்றேனே, காரணம் இதுதான். திரை பின்னாலிருந்து ஒளி விடுகிறது, தாள் விடாது. விடிகாலை இருட்டு, கறுத்த முகம், மேலே பளபளப்பில்லாத பிளாஸ்டிக் பூச்சு, மூன்றும் சேர்ந்து முதல் படியில் முகமே ஒரு கறுப்புத் திட்டாக வந்தது. அச்சக ஊழியர், "தோலைக் கொஞ்சம் வெளுப்பாக்கிடுவோமா?" என்று கேட்டார். ஒத்துக்கொண்டிருந்தால் தரகர் சொன்ன பெண்தான் அட்டைக்கு வந்திருப்பாள். தோலின் நிறத்தைத் தொடாமல், ப்ராம்ப்டில் `Grey dawn` என்பதை `Grey dawn, soft light on her cheek and jaw` என்று மாற்றி அந்த இடத்தை மட்டும் மறுபடி வரைந்தேன். இரண்டாவது படியில் தாடை தெளிவாகத் தெரிந்தது. உங்கள் பாத்திரம் கறுப்பு, நேரம் இருட்டு என்றால் இந்த வெளிச்ச வரியை முதல் ப்ராம்ப்டிலேயே போட்டுவிடுங்கள், 15 வெள்ளி மிச்சம்.

அச்சுக்கு அனுப்பும் நாளில் நாலு கோப்புகளை ஒரே உறையில் போட்டு வையுங்கள்: பெரிதாக்கிய படம், கடைசி ப்ராம்ப்ட், கையெழுத்தான அட்டவணை, திருத்திய பக்கம் 163. சார் இப்போது பாக்கியத்தின் மகளைப் பற்றி இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கிறார். அம்மாவின் தாடைதான் மகளுக்கும் என்று போன வாரம் சொன்னார். அட்டவணையில் இப்போதே குறித்து வைத்துவிட்டேன்.